பெயர் வராத பணி: ஏஜென்சிகளுக்குப் பின்னணியில் தமிழ் வடிவமைப்பு

(எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் வடிவமைப்பும் எழுத்தும் பயின்ற இளைஞர்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

விளம்பர ஏஜென்சி ஒன்று தன் வாடிக்கையாளரிடம் பெற்ற வேலையில் ஒரு பகுதியை வெளியாரிடம் கொடுத்து முடித்து, செய்தவர் பெயர் எங்கும் தெரியாமல் தன் பெயரிலேயே ஒப்படைக்கும் ஏற்பாட்டைத் தொழில் வட்டாரத்தில் ஒயிட் லேபிள் என்கிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதி மக்களுக்கு இந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம் புதிதன்று. பெரிய வாகன ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் லேத்துப் பட்டறையின் பெயர் வண்டியின் எந்தப் பாகத்திலும் பொறிக்கப்படுவதில்லை, ஆயினும் அளவு தவறிய ஒரு பெட்டிச் சரக்கு ரிஜெக்‌ஷன் ஆகித் திரும்பினால் அடுத்த ஆர்டர் வராது என்பது அந்தப் பட்டறைக்காரருக்கு நன்றாகத் தெரியும். வடிவமைப்பிலும் எழுத்திலும் இதே உறவை ஏஜென்சிகளுடன் ஏற்படுத்திக்கொள்ள விரும்பும் இரண்டு பேர் கொண்ட சிறு குழு, தன்னை எவ்வாறு முன்வைக்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதே இந்த உரையின் பொருள்.

சென்னைக்கு இத்துறையில் ஒரு முன்வரலாறு உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளியாகும் கல்வி நூல்களுக்கும் ஆய்விதழ்களுக்கும் பக்கம் கோக்கும் வேலையும் பிரதி திருத்தும் வேலையும் சில பத்தாண்டுகளாகச் சென்னையிலும் புதுச்சேரியிலும் நடந்து வருகின்றன. புதுச்சேரியில் 1994இல் தொடங்கிய இன்டெக்ரா, சென்னையில் 1998இல் தொடங்கிய டி.என்.கியூ. போன்ற நிறுவனங்கள் அவ்வாறு வளர்ந்தவை. வெளிநாட்டுப் பதிப்பகத்தின் நூலில் பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் பக்கம் கோத்த நிறுவனத்தின் பெயரும் ஊரும் இருப்பதுண்டு. அதைத் தாண்டி வாசகர் கண்ணுக்கு அந்த உழைப்பு தெரியாது. இத்துறையில் முழு நூலை ஒப்படைக்குமுன் சில மாதிரிப் பக்கங்களைக் கோத்துக் காட்டச் சொல்வது பழகிய வழக்கம், ஏனெனில் வேலை கொடுப்பவர் வாங்க நினைப்பது திறமையைப் பற்றிய பேச்சை அன்று, நூறாவது பக்கமும் முதல் பக்கத்தைப் போலவே வரும் என்ற உறுதியை. விளம்பர ஏஜென்சியும் வாங்க நினைப்பது அதையேதான்.

எந்த வேலையை முன்வைப்பது என்ற கேள்விக்கு, லோகோ முதல் இணையத்தள எழுத்துவரை எல்லாம் செய்து தரப்படும் என்ற விடை பயன்படாது. அப்படி எழுதப்படும் கடிதங்கள் ஏஜென்சிகளுக்கு அன்றாடம் வருகின்றன, அவற்றைப் படிப்பவருக்குத் தன் மேசையில் கிடக்கும் எந்த வேலையை இவரிடம் தள்ளிவிடலாம் என்பது விளங்குவதில்லை. நெட்டுக்குப்பத்திலிருந்து பணி தொடங்கும் ஒரு குழுவிடம் மும்பையிலோ பெங்களூரிலோ உள்ள ஏஜென்சிகளில் பெரும்பாலானவற்றிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: தமிழைப் பிழையின்றி எழுதவும், எழுதியதைக் கோப்பில் பிழையின்றி நிறுத்தவும் தெரிந்த கண். நாடு முழுவதும் கடை விரித்துள்ள நிறுவனத்தின் விளம்பரம் ஆங்கிலத்தில் உருவாகிறது. பின்னர் அது தமிழ் உட்படப் பல மொழிகளுக்கும் பல அளவுகளுக்கும் மாற்றப்படுகிறது. ஒரு மூல விளம்பரத்தை நாளிதழின் அரைப்பக்கம், ஹோர்டிங், பேருந்தின் பின்பக்கம், கைப்பேசித் திரை எனப் பல அளவுகளில் மாற்றியமைக்கும் வேலைக்கு ஸ்டுடியோக்களில் அடாப்ட் என்று பெயர். நேரம் மிகுதியாகத் தின்னும் வேலையும் அதுவே, புகழ் எதுவும் தராத வேலையும் அதுவே. ஆகவேதான் ஏஜென்சிகள் அதை வெளியே கொடுக்க விரும்புகின்றன.

தமிழ் அடாப்டில் என்ன பிழை நேர்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் முன்வைப்பின் வலிமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. தமிழ் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் வரிசையில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் இருக்கும். திரையில் காட்டும்போது மட்டும் கொம்பை எழுத்தின் இடப்புறத்துக்கு மென்பொருள் நகர்த்த வேண்டும். அந்த நகர்த்தலைச் செய்யும் அமைப்பு முடக்கப்பட்டிருந்தால், ‘சேலை’ என்ற சொல்லில் முதலில் சகரமும் அதன் வலப்புறத்தில் ஏகாரக் கொம்பும், அடுத்து லகரமும் அதன் பின்னால் ஐகாரக் குறியும் வந்து நிற்கும்; படிப்பவர் கண்ணுக்கு அது ‘சலே’ என்றும், இறுதியில் எந்த எழுத்தையும் சேராத ஒரு குறி தொங்குவதாகவும் தெரியும். மும்பையில் அந்தக் கோப்பைத் திறந்த வடிவமைப்பாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், அவருடைய மேலாளருக்கும் அப்படியே. பிழையை முதலில் காண்பவர் கோயம்புத்தூரிலோ தஞ்சாவூரிலோ அந்த விளம்பரத்தைப் பார்ப்பவர்தான். இதற்கான தீர்வு எளியது. இன்டிசைனில் பத்தி அமைப்பில் Adobe World-Ready Paragraph Composer என்பதையும், இல்லஸ்ட்ரேட்டரில் Middle Eastern & South Asian எனத் தொடங்கும் கம்போஸர்களில் ஒன்றையும் தேர்ந்தெடுத்து, தமிழ் யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்தினால் கொம்பு உரிய இடத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் பழைய எழுத்துருக்களால் வருவது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவற்றில் அடித்த உரையை வேறு எழுத்துருவுக்கு மாற்றியவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் தரமாக ஏற்ற பிறகும், அச்சகங்களிலும் கடைக்காரர்களின் பழைய கோப்புகளிலும் அந்த எழுத்துருக்கள் இன்றும் உயிருடன் இருக்கின்றன. எனவே பழைய உரையை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் சிதைந்த எழுத்துகளைக் கண்ணால் பார்த்துத் திருத்தித் தருவதும் ஏஜென்சிக்குத் தேவைப்படும் பணியே.

இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது ஒன்று, கடிதத்தில் சொல்வது வேறொன்று. கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதிலிருந்தே தவறு தொடங்கிவிடுகிறது: பலர் ஏஜென்சியின் நிறுவனருக்கோ கிரியேட்டிவ் தலைவருக்கோ எழுதுகிறார்கள், ஆனால் வேலை தேங்கும்போது இரவு தங்க நேர்பவர்கள் ஸ்டுடியோ மேலாளரும், வாடிக்கையாளரின் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் கிளையன்ட் சர்வீசிங் பொறுப்பாளருமே ஆவர். காலமும் முக்கியம். ஆடித் தள்ளுபடிக்கான வேலை ஆனி மாதத்திலேயே ஸ்டுடியோக்களை நிரப்பிவிடும், ஆகவே வைகாசியில் கடிதம் சென்றால் படிக்க நேரம் இருக்கும், தேவையும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஆடி நடுவில் சென்றால் புதியவரை நம்பிப் பார்க்க அங்கே எவருக்கும் பொழுது இராது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கணக்கு இவ்வாறே.

கடிதம் ஒரு திரைக்குள் முடிய வேண்டும். அதன் உள்ளடக்கம் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: “தங்கள் ஏஜென்சியின் விளம்பரங்கள் தமிழிலும் வெளியாவதைக் காண முடிகிறது. ஆங்கில மூலத்திலிருந்து தமிழ் உரையும் எல்லா அளவுகளுக்கான அடாப்டுகளும் இரண்டு பேர் கொண்ட குழுவால், தங்கள் பெயரிலேயே, செய்து தரப்படும். காலை 11 மணிக்குள் வரும் வேலையில் எட்டு அடாப்டுகள் வரை அன்று மாலை 6 மணிக்குள் முடியும். திறந்த கோப்பும் அச்சுக்கான பிடிஎப்பும் சேர்த்து அனுப்பப்படும். தங்கள் வாடிக்கையாளரிடம் நேரடித் தொடர்பு எதுவும் இராது. பழக்கத்துக்காகச் செய்த மாதிரி ஒன்று இணைப்பில் உள்ளது. சிறிய வேலை ஒன்றைக் கட்டணத்துடன் கொடுத்துப் பார்க்கலாம்.” இதில் எட்டு என்ற எண்ணும் மணிக்கணக்கும் அலங்காரத்துக்காக இடப்பட்டவை அல்ல, அந்தக் குழு தன் வேகத்தை அளந்து பார்த்து, தயக்கமின்றி நிறைவேற்றக்கூடிய அளவை மட்டும் எழுதியிருக்கிறது. விரைவாகவும் தரமாகவும் என்ற சொற்கள் அதில் ஓரிடத்திலும் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஏஜென்சி ஏற்கெனவே வெளியிட்ட விளம்பரத்தில் உள்ள தமிழ்ப் பிழையைச் சுட்டிக்காட்டிக் கடிதத்தைத் தொடங்கும் ஆசை பலருக்கும் வரும். பிழை உண்மையாக இருந்தாலும், படிப்பவரைத் தன் அலுவலகத்தின் முன் தலைகுனிய வைக்கும் கடிதம் பதில் பெறுவது அரிது என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

மாதிரி பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெயர் வராத பணியில் இருப்பவர், செய்து முடித்த வேலையைத் தன்னுடையது என்று காட்ட முடியாது. புதிய ஏஜென்சியோ காட்டச் சொல்லிக் கேட்கும். இந்த நெருக்கடியில் வேறொரு ஏஜென்சிக்கு இரகசியமாகச் செய்த விளம்பரத்தை எடுத்து நீட்டுபவர், நாளை இங்கே செய்யும் வேலையையும் வேறெங்கோ நீட்டுவார் என்ற செய்தியைத்தான் தருகிறார். வேலை தெரிந்த மேலாளர் அதை உடனே படித்துவிடுவார். சரியான வழி, கற்பனையான ஒரு துணிக்கடைக்கு ஆங்கில மூலம் ஒன்றைத் தானே உருவாக்கி, அதன் தமிழ் வடிவத்தை மூன்று அளவுகளில் அமைத்து, மூலத்தையும் முடிவையும் அருகருகே காட்டுவது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் அடங்கிய தலைப்பு தமிழில் நீண்டுபோகும்போது எழுத்தைச் சுருக்காமல் சொல்லை மாற்றி எழுதியது எப்படி என்பதை அதில் ஒரு வரியில் விளக்கினால், மொழியும் வடிவமும் ஒரே கையில் இருப்பதன் பயன் தமிழ் தெரியாதவருக்கும் புரியும்.

பதில் வந்தால் அடுத்த படி சோதனை வேலை. அது சிறியதாக இருக்கலாம், இலவசமாக இருக்கக் கூடாது. நடப்பு வாடிக்கையாளரின் உண்மையான வேலையைச் சோதனை என்ற பெயரில் கட்டணமின்றிக் கேட்கும் ஏஜென்சி, பின்னரும் பணத்தில் அதே போக்கைக் காட்டக்கூடும் என்பதால், அந்த வேண்டுகோளே ஒரு முன்னெச்சரிக்கை. சோதனையில் ஏஜென்சி கவனிப்பது கோப்பு வந்து சேர்ந்த நேரத்தையும், புரியாததை எப்போது கேட்டார்கள் என்பதையும், அடுக்குகளுக்குப் பெயரிட்டிருக்கிறார்களா என்பதையுமே. குழு தன் பக்கத்தில் செய்ய வேண்டிய சரிபார்ப்பு ஒன்று உண்டு: ஒருவர் வாடிக்கையாளர் தந்த உரையை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் இறுதிப் பிடிஎப்பில் விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். விலை, தேதி, கிளை முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இருமுறை படிக்கப்பட வேண்டும், ஏனெனில் ஒற்று விடுபட்டால் தமிழாசிரியர் வருந்துவார், விலையில் ஒரு சுழியம் விடுபட்டால் கடை நட்டப்படும். அச்சுக்குப் போகும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது இனி அடித்துத் திருத்த முடியாத வரைகோடுகளாக, மாற்றிவிட்டால் மறுமுனையில் எழுத்துரு இல்லாததால் வரும் சிதைவு நேராது. திருத்தத்துக்காக உரை உயிரோடு உள்ள கோப்பும் தனியே அனுப்பப்பட வேண்டும்.

விலையைச் சொல்லும் இடத்தில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், ஆகையால் கற்பனையான ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்பது உதவும். இருவருக்கும் மாதம் தலா 30,000 ரூபாய் கைக்கு வர வேண்டும், மென்பொருள், இணையம், மின்சாரம், கணினித் தேய்மானம் ஆகியவற்றுக்கு 12,000 ரூபாய் ஆகும் என்று கொண்டால் மொத்தத் தேவை 72,000 ரூபாய். இருவரும் சேர்ந்து மாதம் 240 மணி நேரம் வேலை செய்ய முடியும். ஆனால் கால்பகுதியை அவசரத்துக்காக விற்காமல் வைத்துக்கொண்டால் விற்பனைக்கு 180 மணி நேரமே இருக்கும். ஆக ஒரு மணி நேரத்தின் விலை 400 ரூபாய். ஓர் அடாப்டுக்கு இரண்டு சுற்றுத் திருத்தம் உட்பட 45 நிமிடம் ஆகுமெனில் அதன் விலை 300 ரூபாய். ஆடி விளம்பரம் ஒன்றுக்கு 24 அடாப்டுகள் என்றால் 18 மணி நேரமும் 7,200 ரூபாயும் ஆகும். அதே அடாப்டு ஒவ்வொன்றுக்கும் ஏஜென்சி வாடிக்கையாளரிடம் 500 ரூபாய் பெற்றால் மொத்தத்தில் அதற்கு 4,800 ரூபாய் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கண்டு மனம் பொறுக்காதவர் இத்தொழிலுக்கு வரக் கூடாது. வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்ததும், அவர் கோபத்தைக் கேட்பதும், அவர் பணம் தராவிட்டால் இழப்பைத் தாங்குவதும் ஏஜென்சியின் வேலை.

இக்கணக்கு குலைவது திருத்தத்தில். சுற்றுகள் எல்லையின்றிப் போய் ஓர் அடாப்டுக்கு 70 நிமிடம் ஆகிவிட்டால் அதே 7,200 ரூபாய்க்கு 28 மணி நேரம் உழைக்க நேரும், மணிக்கு 257 ரூபாய்தான் கிட்டும். எனவே முன்வைப்பிலேயே ஒரு வரி இருக்க வேண்டும்: குழுவின் பிழை எப்போது தெரிந்தாலும் கட்டணமின்றித் திருத்தப்படும், வாடிக்கையாளர் மனம் மாறியதால் வரும் மூன்றாம் சுற்றுக்குத் தனிக் கட்டணம். இந்த வேறுபாட்டை முதல் நாளே எழுதிவைத்தால் ஏஜென்சியும் அந்த வரியைக் காட்டித் தன் வாடிக்கையாளரிடம் பேச முடிகிறது.

விற்காமல் வைக்கும் கால்பகுதி நேரம் நெட்டுக்குப்பத்தில் இன்னும் ஒரு காரணத்தால் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீன்பிடித் தொழிலே முடங்கியது; புயல் நாட்களில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நின்றன. அச்செய்திகளை வாசித்த ஏஜென்சி மேலாளர், அப்படி ஒரு நாளில் தன் வேலை என்னவாகும் என்று நினைப்பது இயல்பு, அதைக் கேட்காமலே மனத்தில் வைத்துக்கொண்டு வேறொருவரைத் தேடுவதும் இயல்பு. ஆகவே பதிலைக் குழுவே முந்திச் சொல்ல வேண்டும்: அன்றன்றைய கோப்புகள் மாலையில் ஏஜென்சியின் பகிர்வுக் கோப்புறையில் ஏறிவிடும், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்புகள் உள்ளன, இருவரில் ஒருவர் எச்சரிக்கை வந்த அன்றே நகரின் வேறு பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு மடிக்கணினியுடன் சென்றுவிடுவார். அவ்வாறு நிஜமாகவே ஏற்பாடு செய்த பிறகே இதை எழுத வேண்டும்.

உரிமை பற்றிய தாள் பலர் மறப்பது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் அல்லாத வெளியாள் எழுதிய உரைக்கும் அமைத்த வடிவத்துக்கும் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். ஓவியம், ஒளிப்படம் போன்ற சிலவற்றுக்கு விதி வேறு. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். கால எல்லை குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்புக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே எழுத்தில் எதுவும் வாங்காத ஏஜென்சி, தன்னிடம் இல்லாத உரிமையைத் தன் வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்கும் ஆபத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட வேலைக்கான உரிமை முழுக் காலத்துக்கும் உலகம் முழுமைக்கும், பணம் வந்து சேர்ந்த நாளிலிருந்து, ஏஜென்சிக்கு மாறும் என்ற ஒருபக்கத் தாளைக் குழுவே தயாராக வைத்திருந்தால், ஏஜென்சிக்கு ஒரு கவலை தீர்கிறது, குழுவுக்குப் பணத்தின்மேல் ஒரு பிடியும் கிடைக்கிறது.

பணம் தாமதமாகும்போது வழக்கமாக வரும் பதில், வாடிக்கையாளர் இன்னும் தரவில்லை என்பது. உத்யம் தளத்தில் சிறுதொழிலாகப் பதிவு செய்துகொண்ட குழுவுக்கு 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணை நிற்கிறது: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. அதைவிடப் பயன் தருவது வருமான வரியில் பின்னர் வந்த மாற்றம். குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும்வரை செலவாகக் கணக்குக் காட்ட முடியாது என்பதால், பில்லில் உத்யம் எண் இருந்தாலே ஏஜென்சியின் கணக்காளர் அதை மேலே எடுத்து வைக்க வாய்ப்புண்டு. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு, மும்பை ஏஜென்சிக்குப் பில் போடும்போதும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சட்டம் இவ்வாறு இருந்தாலும் புதிய ஏஜென்சியிடம் முதல் இரண்டு வேலைகளுக்குப் பாதி முன்பணம் கேட்பதே எளிய பாதுகாப்பு.

உறவு நிலைத்த பின் ஒரு நாள், ஏஜென்சியின் வாடிக்கையாளர் எப்படியோ குழுவின் எண்ணைக் கண்டுபிடித்து, இடையில் ஏஜென்சி எதற்கு, நேரடியாகவே செய்து தரலாமே என்று அழைக்கக்கூடும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்த வாடிக்கையாளரை நாடக் கூடாது என்ற நிபந்தனை, தொழில் தடையைப் பற்றிய 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அது கட்டுப்படுத்தும். ஆனால் நெட்டுக்குப்பத்துக் குழு எடுக்க வேண்டிய முடிவு அந்தப் பிரிவைப் பொறுத்ததன்று. அழைத்தவரிடம், இவ்வேலை ஏஜென்சி வழியாகவே நடக்கும் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அழைப்பு வந்த செய்தியை அன்று மாலைக்குள் ஸ்டுடியோ மேலாளருக்கு ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும். அந்த மேலாளர் அடுத்த வேலையில் வேறொரு ஏஜென்சிக்கு மாறும்போது, கூடவே எடுத்துச் செல்லும் சில தொலைபேசி எண்களில் இக்குழுவின் எண்ணும் இருக்கும்.